காட்ரிஜ் சரியாகத்தான் இருக்கிறது, பிரிண்டர் ஏன் 'தெரியாது' என்கிறது?

எஸ்.பி.எம். சோதனைத் தேர்வு நெருங்கும் வாரங்களில் பள்ளியிலும் வீட்டிலும் பிரிண்டருக்கு ஓய்வே இருக்காது. மை தீர்ந்துவிடும். ஒரிஜினல் காட்ரிஜ் விலையைக் கேட்டுவிட்டு, கொம்தார் பக்கம் போய் விலை குறைந்த 'கம்பேட்டிபல்' காட்ரிஜ் ஒன்றை வாங்கி வருவோம். இல்லையென்றால் பழைய காட்ரிஜிலேயே மை நிரப்பிக்கொள்வோம். மாட்டினால் பிரிண்டர் ஏற்க மறுக்கிறது. "காட்ரிஜ் கெட்டுப்போச்சு டீச்சர்" என்கிறார் கடைக்காரர். "பிரிண்டர்தான் கெட்டுப்போச்சு" என்கிறார் இன்னொருவர். பெரும்பாலும் இரண்டுமே கெட்டிருக்காது. இரண்டுக்கும் நடுவில் நடக்கும் ஒரு சின்னப் பேச்சுவார்த்தை முறிந்திருக்கும். அது எங்கே முறிந்தது என்று தெரிந்துகொண்டால், எதைச் சரி செய்யலாம், எதற்குப் பணத்தைத் திரும்பக் கேட்கவேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

சிப் செய்யும் மூன்று வேலைகள்

காட்ரிஜைத் திருப்பிப் பாருங்கள். தங்க நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். பிரிண்டரின் மின்முனைகள் வந்து தொடும் இடம் அது. டோனர் காட்ரிஜிலும், மை மட்டும் கொண்ட தனித்தனி நிறக் காட்ரிஜிலும் அதன் பின்னால் ஒரு சிறு நினைவகச் சிப் இருக்கும். எச்.பி. 680, கேனன் பிஜி-745 போன்றவற்றில் மை பீய்ச்சும் தலைப்பகுதியே காட்ரிஜில் சேர்ந்திருக்கிறது. அவற்றில் தனிச் சிப் எதுவும் கண்ணில் படாது. அடையாளம் சொல்லும் மின்சுற்று அந்தத் தலைப்பகுதிக்குள்ளேயே இருக்கும்.

சிப்பின் முதல் வேலை அடையாளம் சொல்வது. 'நான் இந்த மாடல், இந்த நிறம், இந்த வட்டாரத்தில் விற்கப்பட்டவன், என் வரிசை எண் இது' என்ற விவரங்கள் அதில் பதிவாகியிருக்கும். இரண்டாவது வேலை கணக்கு வைப்பது. மூன்றாவது, தான் அசல்தான் என்று நிரூபிப்பது. முதல் வேலை எளிது, புரிந்துவிடும். மற்ற இரண்டிலும்தான் குழப்பம் வருகிறது.

மையை அளப்பதில்லை, எண்ணுகிறது

நம்மில் பலர் காட்ரிஜுக்குள் மை எவ்வளவு இருக்கிறது என்று சிப் 'பார்க்கிறது' என நினைக்கிறோம். வீட்டில் பயன்படுத்தும் பெரும்பாலான இங்க்ஜெட் பிரிண்டர்களில் அப்படி இல்லை. பிரிண்டர் தான் வீசும் ஒவ்வொரு துளியையும் எண்ணுகிறது. ஒரு துளியின் அளவு அதற்குத் தெரியும். எனவே எண்ணிக்கையை அளவால் பெருக்கி, எவ்வளவு மை செலவானது என்று கணக்கிட்டுக்கொள்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு துளி 10 பைக்கோலிட்டர், காட்ரிஜில் உள்ள மை 8 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிலிட்டர் என்பது 1,000 மில்லியன் பைக்கோலிட்டர். அப்படியானால் ஒரு மில்லிலிட்டரில் 100 மில்லியன் துளிகள், 8 மில்லிலிட்டரில் 800 மில்லியன் துளிகள். பிரிண்டர் 800 மில்லியன் துளிகளை எண்ணி முடித்ததும் 'மை தீர்ந்தது' என்று எழுதிவிடும். தலைப்பகுதியைச் சுத்தம் செய்யும்போது வீணாகும் மையும் இந்தக் கணக்கில் சேரும்.

இந்தக் கணக்குப் புத்தகம் ஒரே பக்கமாகத்தான் ஓடும். மீதம் குறையலாம், கூடக்கூடாது என்று பல நிறுவனங்கள் அமைத்திருக்கின்றன. நீங்கள் ஊசி வைத்து 8 மில்லிலிட்டரையும் நிரப்பினாலும், கணக்கில் இருப்பது பூஜ்யம்தான். உண்மையான மை நிரம்பியிருக்கிறது, எழுதப்பட்ட மை தீர்ந்திருக்கிறது. பிரிண்டர் எழுத்தைத்தான் நம்பும்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? கேனன் பிக்ஸ்மா எம்ஜி2570-இல் ஒரு பிஜி-745 காட்ரிஜை நிரப்பிப் போட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அச்சிடக் கொடுத்ததும் பிரிண்டரின் குட்டித் திரையில் `E`, `1`, `6` என்று மாறி மாறி மின்னுகிறது. கணினித் திரையில் `Support code 1688` என்று வருகிறது. இது 'காட்ரிஜைத் தெரியவில்லை' என்ற பொருளில் வருவது அல்ல. 'தெரிகிறது, ஆனால் கணக்குப்படி இது காலி' என்றுதான் பொருள். `Stop` பொத்தானை 5 வினாடிக்குக் குறையாமல் அழுத்திப் பிடித்தால், அந்தக் காட்ரிஜுக்கு மை அளவு பார்ப்பதை பிரிண்டர் விட்டுவிட்டு அச்சிடத் தொடங்கும். இது திருட்டு வழி இல்லை, கேனன் தன் கையேட்டிலேயே எழுதியிருக்கும் வழிதான்.

எச்.பி. 680 போன்றவற்றில் மை நிரப்பினால், பயன்படுத்திய காட்ரிஜ் என்ற எச்சரிக்கை திரையில் வரும். `OK` அழுத்தினால் வேலை நடக்கும், மை அளவு மட்டும் காட்டாது. இப்படிப்பட்ட செய்தியைப் பார்த்துப் பயந்து நல்ல காட்ரிஜைத் தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர்.

ஒரு எச்சரிக்கை மட்டும் மனத்தில் இருக்கட்டும். இந்த வகைக் காட்ரிஜில் மைதான் தலைப்பகுதியைக் குளிர வைக்கிறது. உள்ளே இருக்கும் மிகச்சிறு சூடேற்றிகள் மையைக் கொதிக்க வைத்துத் துளியாகத் தள்ளுகின்றன. மை இல்லாமல் அவை ஓடினால் கருகிவிடும். கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டீர்கள் என்றால் இனி கணக்குப் பார்க்கவேண்டியவர் நீங்கள். எழுத்து வெளிறத் தொடங்கியதும் நிறுத்தி நிரப்புங்கள். 'இன்னும் பத்துத் தாள் ஓட்டிப் பார்ப்போம்' என்று ஓட்டினால், சூடேற்றிகள் கருகி, அந்தக் காட்ரிஜ் உண்மையிலேயே 'தெரியாத' காட்ரிஜாகிவிடும். அதற்குப் பிறகு எந்தப் பொத்தானும் உதவாது.

கேள்வி கேட்டுச் சோதிக்கும் பிரிண்டர்

இப்போது மூன்றாவது வேலைக்கு வருவோம். வேறு நிறுவனம் தயாரித்த புதிய காட்ரிஜில் அந்த நிறுவனம் தானே செய்த சிப் இருக்கும். அது அசலைப் போலவே 'நான் இந்த மாடல்' என்று சொல்லும். சொன்னால் மட்டும் போதாது, நிரூபி என்கிறது பிரிண்டர்.

கணினி அறிவியல் படிக்கும் மாணவர்களுக்கு இது தெரிந்த முறைதான். பிரிண்டர் ஏதோ ஓர் எண்ணை அனுப்பும். சிப் தன்னிடம் இருக்கும் இரகசியச் சாவியைக் கொண்டு அதை மாற்றிப் பதில் அனுப்பவேண்டும். பிரிண்டரும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து ஒப்பிடும். உண்மையான கணக்கு மிகச் சிக்கலானது. புரிவதற்காக எளிதாக ஒன்றை எடுத்துக்கொள்வோம். '3-ஆல் பெருக்கு, 8 கூட்டு, கடைசி இரண்டு இலக்கத்தைச் சொல்' என்பது இரகசிய விதி. பிரிண்டர் 27 என்று கேட்டால் சிப் 89 என்று சொல்லவேண்டும். யாரோ ஒருவர் இந்தப் பேச்சை ஒட்டுக்கேட்டு, '27-க்கு 89' என்பதை மட்டும் தன் சிப்பில் பதித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பிரிண்டர் 41 என்று கேட்கும். சரியான பதில் 31. விதி தெரியாத சிப் விழிக்கும். பிரிண்டர் கதவைச் சாத்தும்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. நேற்று வரை கேட்காத கேள்வியை பிரிண்டர் இன்று கேட்கத் தொடங்கலாம். பிரிண்டருக்குள் இருக்கும் இயக்கு மென்பொருளை, அதாவது ஃபர்ம்வேரை, நிறுவனம் இணையம் வழி மாற்றினால் போதும். போன மாதம் ஓடிய கம்பேட்டிபல் காட்ரிஜ் இந்த மாதம் ஓடாமல் போவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

2016 செப்டம்பர் 13

இதற்கு உலகம் அறிந்த சம்பவம் ஒன்று இருக்கிறது. 2016 செப்டம்பர் 13-ஆம் தேதி, பல நாடுகளில் எச்.பி. ஆபிஸ்ஜெட் வகை பிரிண்டர்கள் ஒரே நாளில் கம்பேட்டிபல் காட்ரிஜ்களை மறுத்தன. காட்ரிஜ் இல்லை அல்லது பழுதாகிவிட்டது என்ற பொருளில் திரையில் செய்தி வந்தது. உண்மையில் எதுவும் பழுதாகவில்லை. மாதக்கணக்கில் முன்பே பிரிண்டர்களுக்குள் போய்ச் சேர்ந்திருந்த ஃபர்ம்வேர், அந்தத் தேதி வந்ததும் விழித்துக்கொண்டது. எச்.பி. இதற்கு வைத்திருக்கும் பெயர் 'டைனமிக் செக்யூரிட்டி'.

பயனீட்டாளர்கள் கொதித்தார்கள். அதே மாதக் கடைசியில், சரியாக விளக்கிச் சொல்லவில்லை என்று எச்.பி. மன்னிப்புக் கேட்டு, அந்தத் தடையை நீக்கும் ஃபர்ம்வேர் ஒன்றைத் தருவதாக அறிவித்தது. ஆனால் டைனமிக் செக்யூரிட்டி முறையைக் கைவிடவில்லை. 2020 டிசம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம் எச்.பி.க்கு ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது. இப்படி ஒரு தடை இருப்பதை வாங்குபவர்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பது அதன் முக்கியக் குற்றச்சாட்டு.

நமக்கு இதில் பயனுள்ள செய்தி ஒன்று உண்டு. டைனமிக் செக்யூரிட்டி பார்ப்பது மையை அல்ல, சிப்பை. எச்.பி.யே சொல்வதன்படி, தன் அசல் சிப்போ மின்சுற்றோ இருக்கும் காட்ரிஜில் மை நிரப்பினால் அந்தத் தடை பொருந்தாது. வேறு நிறுவனத்தின் சிப் இருந்தால்தான் தடுக்கும். ஆகவே 'ரீஃபில்' வேறு, 'கம்பேட்டிபல்' வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்து வாங்கினால்தான் சிக்கல். திரையில் `Non-HP chip` என்ற சொற்கள் வந்தால் உங்கள் கையில் இருப்பது இரண்டாவது வகை. துடைப்பதாலோ பிரிண்டரை அணைத்துப் போடுவதாலோ அது மாறாது.

இதற்கும் விலக்கு உண்டு. 'HP+' திட்டத்தில் சேர்த்து இயக்கப்பட்ட பிரிண்டர், எச்.பி.யின் அசல் காட்ரிஜை மட்டுமே ஏற்கும். இணையத் தொடர்பும் எப்போதும் இருக்கவேண்டும். பள்ளிக்குப் புதிய பிரிண்டர் வாங்குபவர்கள் பெட்டியில் இந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அசல் காட்ரிஜும் மறுக்கப்படும் ஒரு நிலை

கடையில் நீங்கள் காலிக் காட்ரிஜைக் கொடுக்கிறீர்கள். கடைக்காரர் ஏற்கெனவே நிரப்பி வைத்திருக்கும் இன்னொன்றைக் கொடுக்கிறார். அதே எச்.பி., அதே எண், அசல் சிப். ஆனாலும் திரையில் `Protected cartridge` என்று வருகிறது.

காரணம் இதுதான். எச்.பி. பிரிண்டர்கள் பலவற்றில் 'காட்ரிஜ் புரொடெக்ஷன்' என்ற அமைப்பு இருக்கிறது. அது இயங்கிக்கொண்டிருக்கும்போது மாட்டப்படும் காட்ரிஜின் சிப்பில், 'நீ இந்த பிரிண்டருக்கு மட்டும்' என்று நிரந்தரமாக எழுதப்பட்டுவிடும். அலுவலகங்களில் காட்ரிஜ் திருட்டைத் தடுக்க உதவும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். முன்பு அந்தக் காட்ரிஜை வைத்திருந்தவரின் பிரிண்டரில் அந்த அமைப்பு இயங்கியிருக்கிறது. இப்போது அது உங்களிடம் வேலை செய்யாது. அதே பிரிண்டரில் திரும்பப் போட்டால் வேலை செய்யும்.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். மாற்றுக் காட்ரிஜ் வாங்காதீர்கள், உங்கள் காட்ரிஜையே நிரப்பித் தரச் சொல்லுங்கள். இரண்டு, பள்ளியில் ஒரே மாடல் பிரிண்டர் மூன்று நான்கு இருந்து காட்ரிஜை மாற்றி மாற்றிப் போடும் பழக்கம் இருந்தால், பிரிண்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் `Cartridge Protection` என்பதை இப்போதே அணைத்துவிடுங்கள். அணைத்தபின் மாட்டும் புதுக் காட்ரிஜ்களுக்குத்தான் அது பொருந்தும். ஏற்கெனவே பூட்டப்பட்டவை பூட்டப்பட்டவைதான்.

சிப் இல்லாமல் ஓடுமா?

ஓடும் என்று ஒரு பிரிண்டர் நிறுவனமே சொன்ன சம்பவமும் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் உலகம் முழுக்க சிப் பற்றாக்குறை வந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அந்த நாட்கள் நன்றாக நினைவிருக்கும். அந்தப் பற்றாக்குறையால் கேனன் நிறுவனம் சில அலுவலகப் பிரிண்டர்களுக்கான டோனர் காட்ரிஜ்களைச் சிப் இல்லாமலே விற்கவேண்டி வந்தது. அந்த பிரிண்டர்களோ சிப் இல்லாத காட்ரிஜை அசல் இல்லை என்று சந்தேகப்பட்டன. தன் சொந்தக் காட்ரிஜையே தன் சொந்த பிரிண்டர் நம்ப மறுத்தது!

2022 ஜனவரியில் கேனனின் ஜெர்மனிக் கிளை வாடிக்கையாளர்களுக்கு ஒரு விளக்கம் வெளியிட்டது. எச்சரிக்கை வந்தால் எந்தப் பொத்தானை அழுத்தி அதைக் கடந்து போகலாம் என்று மாடல் வாரியாக அதில் சொல்லியிருந்தார்கள். அச்சின் தரம் பாதிக்காது, டோனர் அளவு காட்டுவது போன்ற துணை வசதிகள் மட்டும் பாதிக்கப்படலாம் என்பது அவர்கள் சொன்னது. அச்சிடும் வேலைக்கு அந்தச் சிப் தேவையில்லை, கணக்குக்கும் காவலுக்கும்தான் தேவை என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

அதற்காக எல்லாச் சிப்பையும் பிய்த்து எறிந்துவிடலாம் என்று பொருள் இல்லை. பல பிரிண்டர்களில் கடந்துபோகும் வசதியே கிடையாது. சிப் இல்லையென்றால் அவை அடியோடு நின்றுவிடும்.

உங்கள் பிரிண்டர் மறுத்தால் என்ன செய்வது?

முதலில் திரையில் வந்த செய்தியை எழுதிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கைப்பேசியில் படம் எடுங்கள். அடுத்து, பழைய காட்ரிஜை எடுத்துத் திரும்ப மாட்டுங்கள். காலியாக இருந்தாலும் பரவாயில்லை. அதை பிரிண்டர் அடையாளம் கண்டு 'மை இல்லை' என்று மட்டும் சொன்னால், பிரிண்டர் நல்லபடியாக இருக்கிறது, சிக்கல் புதிய காட்ரிஜில். பழையதையும் தெரியவில்லை என்றால் பிரிண்டரின் மின்முனையைப் பார்க்கவேண்டும்.

அதன்பிறகு தங்கப் புள்ளிகளைக் கவனியுங்கள். கம்பேட்டிபல் காட்ரிஜ்களில் சிப்பின் மேல் ஒட்டியிருக்கும் நாடாவைச் சிலர் கழற்ற மறந்துவிடுவார்கள். நிரப்பிய காட்ரிஜில் வழிந்த மை புள்ளிகளின்மேல் காய்ந்திருக்கும். பஞ்சு பிரியாத துணியில் கொஞ்சம் வடிகட்டிய நீரைத் தொட்டு மெதுவாகத் துடைத்து, பத்து நிமிடம் காய விட்டு மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் மின்சுற்றுக்கே ஆபத்து. நம் ஊரின் ஈரக்காற்றில் கொஞ்சம் கூடுதல் நேரம் விட்டாலும் நல்லதுதான்.

துடைத்தபின் வேலை செய்தால் சிக்கல் தொடர்பில்தான் இருந்தது. `OK` அல்லது `Stop` அழுத்திச் சரியானால் கணக்கில் இருந்தது. சிப்பைப் பற்றியோ பூட்டைப் பற்றியோ செய்தி வந்தால், அதற்கு மேல் முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள், ரசீதோடு கடைக்குப் போங்கள்.

ஃபர்ம்வேர் தானாக மாறுவதை அணைத்து வைக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. பல மாடல்களில் அணைக்கலாம். அணைத்தால் பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யும் திருத்தங்களும் வராது. பள்ளி வலையமைப்பில் இணைந்திருக்கும் பிரிண்டராக இருந்தால் கணினிப் பொறுப்பாளரிடம் கேட்டுச் செய்யுங்கள். ஒருமுறை புதிய ஃபர்ம்வேர் ஏறிவிட்டால் பழையதற்குத் திரும்புவது பெரும்பாலும் முடியாது.

வாங்கும்போதே கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "பாஸ், இது ஒரிஜினலில் நிரப்பியதா, வேற கம்பெனி சிப்பா?" "என் மாடலில் ஓடலன்னா மாற்றித் தருவீங்களா?" பிரிண்டர் மாடல் எண்ணை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் சொன்ன விவரத்துக்கும், வாங்குபவர் தெரிவித்த தேவைக்கும் பொருந்தவேண்டும். 'இந்த மாடலுக்கு' என்று எழுதிக்கொடுத்த காட்ரிஜ் அந்த மாடலில் ஓடவில்லை என்றால் பேச உங்களிடம் ஆதாரம் இருக்கும். பேசியும் தீராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனு கொடுக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

மாதம் நூற்றுக்கணக்கில் தாள் அச்சிடும் பள்ளிகள் அடுத்த முறை பிரிண்டர் மாற்றும்போது, புட்டியிலிருந்து மை ஊற்றும் தொட்டி வகையையும் விலை கேட்டுப் பாருங்கள். எப்சன் நிறுவனம் 2010-இல் அந்த வகையை முதலில் இறக்கியது நம் அண்டை நாடான இந்தோனேசியாவில்தான். அங்கே மக்கள் தாங்களாகவே பிரிண்டரில் குழாய் இணைத்து வெளியிலிருந்து மை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து நிறுவனமே தொட்டி வைத்துக் கொடுத்தது. அதில் மாற்றுவதற்குக் காட்ரிஜும் இல்லை, கேள்வி கேட்பதற்குச் சிப்பும் இல்லை. பிரிண்டரின் விலை முதலில் கூடுதலாக இருக்கும். ஆகவே ஒரு வருடத்துக்கு எத்தனை தாள், அதற்கு எத்தனை காட்ரிஜ் என்று பள்ளிக் கணக்கைப் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.